வீடு பூட்டியிருக்கும் பத்து மணி நேரம்: ஏசி அட்டவணைக்குச் சில குறிப்புகள்

மேனாம்பேட்டில் காலை எட்டரை மணிக்கு மேல் பல வீடுகளில் பூட்டுதான் தொங்கும். ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போயிருப்பார், இன்னொருவர் அண்ணா நகருக்கோ கிண்டிக்கோ போயிருப்பார். பிள்ளைகள் பள்ளி முடித்து அப்படியே டியூஷனுக்குப் போய்விடுவார்கள். மாலை ஆறரைக்கு மேல் கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிற மாதிரி சூடு வரும். உடனே ரிமோட்டை எடுத்து 16 டிகிரியில் வைப்பது பலருக்கும் பழகிவிட்டது. இந்தச் சூட்டைப் பார்த்துப் பயந்து, "பகல் முழுக்க 28-ல் ஓடட்டுமே" என்று விட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லை. அட்டவணையைச் சரியாகப் போட்டால் போதும்.

சுவரில் தனியாக மாட்டிய தெர்மோஸ்டாட் நம் வீடுகளில் கிடையாது. ஸ்பிளிட் ஏசிக்குள், காற்றை இழுக்கும் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறு சென்சார்தான் நமக்குத் தெர்மோஸ்டாட். அதற்கு நேரம் சொல்லிக் கொடுக்க ரிமோட்டில் இருக்கும் டைமர், வைஃபை ஏசியின் ஆப், ரிமோட் மாதிரியே சிக்னல் அனுப்பும் சிறு கருவி என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வழியானாலும் கீழே உள்ள குறிப்புகள் உதவும்.

1. ஆள் இல்லாத நேரத்தில் அணைத்தே வையுங்கள்

"அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும்" என்ற பேச்சு எல்லாத் தெருவிலும் உண்டு. கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் அதிகப்படி கரண்ட் ஓரிரு நொடிகளுக்குத்தான். இன்வெர்ட்டர் ஏசியில் அதுவும் கிடையாது, மெல்லத்தான் வேகம் பிடிக்கும். மாலையில் சூடான அறையைக் குளிரவைக்கக் கூடுதல் வேலை இருப்பது உண்மைதான். ஆனால் அந்த வேலை பகல் முழுக்க ஓட்டும் செலவை எட்டாது. வெளியே 39 டிகிரி இருக்கும்போது உள்ளே 28-ல் வைத்திருந்தால், அந்த 11 டிகிரி வித்தியாசம் நாள் முழுக்கச் சுவர் வழியாகச் சூட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும், ஏசியும் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டால் அறை 34, 35 வரை ஏறும். வித்தியாசம் சுருங்கும், உள்ளே வரும் சூடும் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி, மே மாதம், மேல்மாடிப் படுக்கையறை. குளிர்ந்த அறையை அப்படியே வைத்திருக்கச் சராசரியாக 600 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்துக்கு 6 யூனிட். அணைத்து வைத்து, வீடு திரும்பும் முன் முக்கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் சுமார் 1 யூனிட். சுவரில் தங்கிய சூட்டை எடுக்க அதன்பிறகும் இன்னொரு யூனிட் போகட்டும். அப்படியும் ஒரு நாளைக்கு 4 யூனிட் மிச்சம். இரண்டு மாத பில்லில் 44 வேலை நாள் என்றால் 176 யூனிட்.

நம் ஊரில் இந்த 176-க்குத் தனி மதிப்பு உண்டு. 2024 ஜூலைக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். அதோடு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். 380 யூனிட்டில் நிற்க வேண்டிய வீடு 556-க்குப் போனால் பில் எவ்வளவு குதிக்கும் என்பதைப் பழைய ரசீதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினர் "நாங்கள் அணைக்கவே மாட்டோம், டிகிரியைத்தான் மாற்றி வைப்போம்" என்பார். அவர் சொல்வது குளிர்காலத்து ஹீட்டரைப் பற்றி. அங்கே வீட்டை முழுக்க ஆறவிட்டால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். அதனால் அணைக்காமல் டிகிரியை இறக்கித்தான் வைப்பார்கள். எட்டு மணி நேரத்துக்கு 4 முதல் 5 டிகிரி வரை இறக்கி வைக்கச் சொல்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. அப்படிச் செய்தால் ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்றும் சொல்கிறது. மேனாம்பேட்டில் உறைவதற்கு ஒன்றும் இல்லை. தாராளமாக அணைக்கலாம். வயதானவரோ, வளர்ப்பு நாயோ பூனையோ உள்ளே இருந்தால் மட்டும் அது காலி வீடு இல்லை, இந்தக் குறிப்பு பொருந்தாது.

2. உங்கள் ஏசி இழுப்பதை மீட்டரிலேயே பாருங்கள்

மேலே சொன்ன 600 வாட் என் ஊகக் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கு ஈபி மீட்டரில் இருக்கிறது. டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். அதன் பக்கத்தில் 1600 imp/kWh, 3200 imp/kWh என்ற மாதிரி ஓர் எண் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அர்த்தம்.

வீட்டில் மற்றவற்றை அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜைக்கூடச் சில நிமிடம் நிறுத்திவிட்டு, ஏசியை மட்டும் ஓடவிடுங்கள். பத்து முறை மின்ன எத்தனை நொடி ஆகிறது என்று போனில் பாருங்கள். விளக்கு மின்னும் கணத்தில் கடிகாரத்தைத் தொடங்கி, அதற்குப் பிறகு வரும் மின்னலிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். 3200 மீட்டரில் பத்து மின்னலுக்கு 9 நொடி ஆனால், ஏசி அந்த நேரத்தில் 1250 வாட் இழுக்கிறது. கணக்கு இதுதான்:

```
3600 × 10 ÷ (3200 × 9) = 1.25
```

ஏசியைப் போட்ட பத்தாவது நிமிடத்தில் ஒரு முறையும், அறை நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒரு முறையும் எடுங்கள். இன்வெர்ட்டர் ஏசியானால் இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கும் கீழே வர வேண்டும். ஒரு மணி நேரமாகியும் குறையவே இல்லை என்றால், அட்டவணையை மாற்றுவதற்கு முன் ஃபில்டரைக் கழுவுங்கள், கதவு ஜன்னல் இடுக்கைப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கேஸ் குறைந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கேளுங்கள்.

3. எத்தனை மணிக்கு ஆன் ஆக வேண்டும் என்பதை அறையிடமே கேளுங்கள்

காலையில் அணைப்பது எளிது. அட்டவணையின் உயிர் மாலையில் ஆன் ஆகும் நேரத்தில்தான் இருக்கிறது. முன்னதாக ஆன் ஆனால் காலி அறையைக் குளிர்விக்கும், பிந்தினால் நாம் வேர்த்தபடி ரிமோட்டைத் தேடுவோம், எடுத்ததும் 16-ல் வைப்போம்.

இதற்கு ஒரே ஒரு மாலை செலவழித்தால் போதும். நன்றாக வெயில் அடித்த நாளாகப் பார்த்து, வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பி, படுக்கையறை மேஜையில் ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள். ஏசியின் முன்பக்கத்தில் ஒளிரும் எண்ணை நம்ப வேண்டாம். பல ஏசிகளில் அது நாம் வைத்த டிகிரியைத்தான் காட்டும். அறையின் வெப்பத்தைக் காட்டுவதாக இருந்தாலும் கூரையருகே ஏழெட்டு அடி உயரத்தில் அளந்த எண்ணாகத்தான் இருக்கும். நம் தலையணை உயரத்தில் இருப்பதே நமக்கு வேண்டியது.

ஏசியை 26-ல் வைத்து, மின்விசிறியையும் மெல்லச் சுழலவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். 34-ல் தொடங்கிய அறை 28-க்கு வர எத்தனை நிமிடம் ஆகிறதோ அதுதான் உங்கள் வீட்டு எண். விசிறிக் காற்றில் 28 போதுமான சுகம், மீதி இரண்டு டிகிரி நாம் வந்த பிறகு இறங்கட்டும். கீழ்வீட்டுச் சின்ன அறைக்கு 20 நிமிடம் போதும் என்று வரலாம், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைக்கு முக்கால் மணியும் பிடிக்கலாம். பக்கத்து வீட்டு எண் நமக்கு உதவாது.

வீட்டுக்கு வரும் நேரமும் ஒரே மாதிரி இருக்காது. தொழிற்பேட்டை சாலையும் சி.டி.எச். சாலையும் எந்த மாலையில் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மிகச் சீக்கிரம் வந்த நாளையோ மிகவும் தாமதமான நாளையோ கணக்கில் எடுக்காமல், பெரும்பாலும் வந்து சேரும் நேரத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து உங்கள் எண்ணைக் கழியுங்கள்.

4. மேலே மொட்டை மாடி என்றால் கணக்கே வேறு

இந்தப் பகுதியில் இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்கள் அதிகம். மேல் தளத்தில் இருப்பவர்களுக்கு எதிரி வெளிக்காற்றைவிடத் தலைக்கு மேல் இருக்கும் கான்கிரீட். தளம் பகலில் வாங்கிய வெயிலை உடனே கீழே விடாது. சூடு அந்தக் கனத்தைக் கடந்து உள்பக்கம் வரச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் வெளியே வெயில் தணிந்த ஏழு மணிக்கு உள்ளே கூரை உச்சச் சூட்டில் இருக்கிறது. நாற்காலி மேல் ஏறிக் கூரையைக் கையால் தொட்டுப் பாருங்கள், தெரியும். மேற்குப் பார்த்த சுவரும் இப்படித்தான்.

ஏசியின் சென்சார் காற்றை மட்டுமே அளக்கும். காற்று 26 ஆகிவிட்டது என்று கம்ப்ரசர் வேகத்தைக் குறைக்கும்போது, கூரையும் சுவரும் 35-ல் நின்று நம்மேல் சூட்டை வீசிக்கொண்டிருக்கும். "26-ன்னு காட்டுது, ஆனா குளிரவே இல்ல" என்று மேல்வீட்டுக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். 20-க்கு இறக்கினால் காற்று சில்லென்று ஆகும், கூரை அப்படியேதான் இருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டில் மாலை ஆறு மணிக்கே குளிர்விப்பதைவிட, முதல் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து விசிறியால் சூட்டை வெளியே தள்ளிவிட்டு, படுக்கும் முன் ஏசியைப் போடுவது மலிவு. வெளிக்காற்று அறையைவிடக் குளிராக இருந்தால் மட்டும் இது பலிக்கும். மெரினாப் பக்கம் மதியமே வீசத் தொடங்கும் கடல்காற்று அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வர நேரமாகும். கத்திரி நாட்களில் மேற்குக் காற்று விடாமல் அடித்தால் வராமலே போவதும் உண்டு. அதே தெர்மாமீட்டரை ஜன்னலுக்கு வெளியே ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். வெளியே குறைவாக இருந்தால் ஜன்னலைத் திறக்கலாம். அதிகமாக இருந்தால் மூடியே வைத்து, ஆன் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்துங்கள்.

நிரந்தரத் தீர்வு மொட்டை மாடியில் இருக்கிறது. வெள்ளை கூல் டைல்ஸோ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ போட்டால் மாலைக் குளிர்விப்பு நேரம் நன்றாகக் குறையும். வாடகை வீட்டில் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர் பேச்சை மாற்றினால், மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டு, காலையில் கிளம்பும்போதே இழுத்து மூடிவிட்டுப் போவது நம் கையில் இருக்கிறது.

5. நேரத்தோடு டிகிரியையும் சேர்த்து எழுதுங்கள்

"5.45-க்கு ஆன்" என்று மட்டும் போட்டால் அட்டவணை அரைகுறை. நேற்று இரவு யாரோ 18-ல் வைத்து அணைத்திருந்தால், இன்று மாலை பல ஏசிகள் அதே 18-ல்தான் எழும். 2020 ஜனவரி 1 முதல் தயாரான ஸ்டார் முத்திரை ஏசிகளுக்குத் தொடக்க வெப்பநிலை 24 என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. அது உதவிதான், ஆனால் விசிறியோடு சேர்த்தால் 26-ம் 27-ம் நமக்குப் போதும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. ஆப்பில் பயன்முறை, டிகிரி, விசிறி வேகம் மூன்றையும் குறிப்பிட இடம் இருக்கும். கூல், 26, ஹை என்று எழுதிவிடுங்கள்.

16-ல் வைத்தால் வேகமாகக் குளிரும் என்பது பழைய ஒரே வேக ஏசியைப் பொறுத்தவரை வெறும் நம்பிக்கை. 26-ல் வைத்தாலும் 16-ல் வைத்தாலும் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். வித்தியாசம் எங்கே என்றால், 16-ல் வைத்தது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

6. ரிமோட் டைமர் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சில ரிமோட்டுகளில் கடிகார நேரத்தையே வைக்கலாம். பல ரிமோட்டுகளில் "இன்னும் எத்தனை மணி நேரம் கழித்து" என்றுதான் வைக்க முடியும். காலை 8.15-க்குக் கிளம்பும்போது 9.5 என்று வைத்தால் மாலை 5.45-க்கு ஆன் ஆகும். இந்த வகையில் முதல் பத்து மணி நேரம் அரை மணி அரை மணியாகவும், அதற்குமேல் ஒரு மணி ஒரு மணியாகவும் ஏறுவது வழக்கம்.

இந்த டைமர் ஒரு தடவைக்குத்தான். நாளைக்கு மறுபடி வைக்க வேண்டும். பூட்டுச் சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ரிமோட் ஸ்டாண்டை மாட்டுவது நல்ல பழக்கம். சாவியை எடுக்கும் கை டைமரையும் அழுத்திவிடும்.

சில பழைய மாடல்களில் டைமர் ரிமோட்டுக்குள்ளேயே ஓடும். நேரம் வரும்போது ரிமோட்தான் சிக்னல் அனுப்பும். அது அலமாரிக்குள் கிடந்தால் ஏசிக்குச் செய்தி போகாது. சோதிப்பது சுலபம். ஒரு மணி நேரத்தில் ஆன் ஆகும்படி வைத்துவிட்டு, ரிமோட்டை வேறு அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள். ஏசி ஆன் ஆனால் கவலை இல்லை.

7. கரண்ட் போய் வந்தால் அட்டவணை என்ன ஆகும்?

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட்டை நிறுத்தி மதியம் விடுவது நமக்குப் பழக்கமானது. ரிமோட்டில் வைத்த டைமர் பெரும்பாலான ஏசிகளில் அப்போது அழிந்துபோகும். ஏசியின் முகப்பில் டைமர் விளக்கு அணைந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. பராமரிப்பு அறிவிப்பு வந்த நாளில் ரிமோட் டைமரை நம்ப வேண்டாம்.

ஆப்பில் வைத்த அட்டவணை அழியாது. ஆனால் ஆன் ஆக வேண்டிய அந்த நிமிடத்தில் வீட்டு வைஃபை உயிரோடு இல்லாவிட்டால் கட்டளை வீணாகும், பிறகு தானாக மறுபடி முயலாது. இதற்கு இரண்டு காரியம் செய்யலாம். ரூட்டரை வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். அதோடு 5.45-க்கு ஒன்று, 6.05-க்கு அதே கட்டளை இன்னொன்று என்று இரண்டாக வையுங்கள். முதலாவது தவறினால் இரண்டாவது பிடிக்கும்.

காலைக்கும் இதே தந்திரம் வேண்டும், அங்கேதான் காசும் இருக்கிறது. 7.45-க்கு ஆஃப், 8.45-க்கு மறுபடி ஆஃப். அவசரத்தில் யாராவது எட்டு மணிக்கு உடை மாற்ற ஏசியைப் போட்டு மறந்துபோயிருந்தால் இரண்டாவது ஆஃப் காப்பாற்றும்.

ரிமோட் சிக்னல் அனுப்பும் சிறு கருவி வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பல ஏசிகளுக்கு "ஆஃப்" என்பது தனிச் சிக்னல். சிலவற்றுக்கு ஆனும் ஆஃபும் ஒரே சிக்னல்தான், ஓடினால் நிற்கும், நின்றால் ஓடும். இரண்டாவது வகையில் 8.45 கட்டளை அணைந்த ஏசியைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது, ஏசி அணைந்திருக்கையில் ஆப்பில் ஆஃபை அழுத்திப் பாருங்கள். ஏசி எழுந்தால் இரட்டைக் கட்டளை வேண்டாம். இந்தக் கருவிக்கு ஏசி உண்மையில் ஓடுகிறதா என்று தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆப் "ஆன்" என்று காட்டுவது கட்டளை போன சாட்சி மட்டுமே.

8. ஸ்மார்ட் பிளக்கை வைத்து அணைக்காதீர்கள்

ஏசி ஓடும்போது பிளக்கிலேயே கரண்ட்டைத் துண்டித்தால், உள்ளே ஈரமான காயில் உலர நேரம் கிடைக்காது. கம்ப்ரசரையும் முறைப்படி நிறுத்தாமல் போகிறது. தரம் குறைந்த பிளக் அந்தப் பளுவில் சூடேறிக் கருகவும் செய்யும். அளவு பார்க்க மட்டும் வேண்டுமானால் 16 ஆம்பியர் பிளக்காக வாங்குங்கள், அணைக்கும் வேலையை ஏசியிடமே விடுங்கள்.

9. ஒரு வீட்டு அட்டவணை, மாதிரிக்கு

கணவன், மனைவி, ஏழாம் வகுப்புப் பெண். மேல் மாடி, மேற்குப் பார்த்த படுக்கையறை. கடைசியாகப் பூட்டுபவர் 8.15-க்குக் கிளம்புகிறார், முதலில் திரும்புபவர் 6.30-க்கு வருகிறார். அளந்து பார்த்ததில் அறை 28-க்கு வர 40 நிமிடம். இந்த வீட்டுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை இப்படி:

காலை 5.00, ஆஃப். அதிகாலையில் வெளிக்காற்று போதும், விசிறி ஓடட்டும்.
காலை 8.45, மறுபடி ஆஃப், மறதிக்கு.
மாலை 5.50, ஆன், கூல், 26, விசிறி ஹை.
மாலை 6.10, அதே கட்டளை.
இரவு 7.30, ஆஃப். எல்லோரும் ஹாலில் இருக்கும் நேரம்.
இரவு 9.30, ஆன், 26, விசிறி லோ.

7.30 ஆஃபைப் பலர் போடுவதில்லை. ஏசி படுக்கையறையில் இருக்க, குடும்பமே சமையலறையிலும் டிவி முன்னும் இருக்கும் இரண்டு மணி நேரம் காலி வீட்டுக் கணக்கில்தான் சேரும். இதே வீட்டில் மாலையில் யாரும் படுக்கையறைக்குப் போவதில்லை என்றால் 5.50, 6.10 இரண்டையும் நீக்கிவிட்டு 9 மணிக்கு ஒரே ஆன் போதும். என்னைக் கேட்டால் மேனாம்பேட்டில் பாதி வீடுகளுக்கு அதுதான் பொருந்தும்.

10. ஐப்பசி, கார்த்திகையில் வேறு அட்டவணை

மழைக்காலத்தில் சூடு போய்ப் புழுக்கம் நிற்கும். பூட்டிய அறையில் அலமாரித் துணியில் பூஞ்சை வாடை வரும். அப்போதும் பகல் முழுக்க ஏசி ஓட வேண்டியதில்லை. மாலை ஒரு மணி நேரம் டிரை பயன்முறை போதும். ஆஃப் ஆவதற்கு முன் கால் மணி நேரம் ஃபேன் பயன்முறையில் ஓடும்படி ஒரு வரி சேர்த்தால் காயில் உலர்ந்து, அடுத்த நாள் அந்த ஈர நாற்றம் வராது. புதிய ஏசிகள் சிலவற்றில் அணைத்த பிறகு விசிறி தானே சிறிது நேரம் ஓடி உலர்த்தும். அதை ஏசி அணையவில்லை என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

11. விதிவிலக்கு நாட்களை முன்கூட்டியே எழுதிவையுங்கள்

அமெரிக்காவில் அட்டவணை போடும் தெர்மோஸ்டாட்டுகளுக்குக் கொடுத்துவந்த எனர்ஜி ஸ்டார் முத்திரையை 2009 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். கருவியில் கோளாறு இல்லை. எதிர்பார்த்த மிச்சம் வீடுகளில் வரவில்லை. நிறையப் பேர் அட்டவணையே போடாமல் கையால் மாற்றிக்கொண்டிருந்தார்கள், போட்டவர்களும் ஒரு நாள் மாற்றியதை அப்படியே விட்டுவிட்டார்கள். நம் வீட்டிலும் அட்டவணை கெடுவது இப்படித்தான். சனிக்கிழமை ஒருவர் மதியமே வந்துவிடுகிறார், அட்டவணை தொந்தரவாகத் தெரிகிறது, மொத்தமாக நிறுத்திவிடுகிறார், திங்கட்கிழமை அதைப் போட யாருக்கும் நினைவில்லை.

அதனால் சனிக்குத் தனி அட்டவணை, ஞாயிற்றுக்கு எதுவும் வேண்டாம். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஆன் வரிகளை மட்டும் நிறுத்துங்கள், ஆஃப் வரிகள் இருக்கட்டும். மே மாதம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், பாட்டியும் வந்திருப்பார். அப்போது காலை 8.45 ஆஃப் அவர்களைத்தான் வேர்க்கவைக்கும், அதை நீக்கிவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று யூனிஃபார்ம், புத்தகத்தோடு ஏசி அட்டவணையையும் பழையபடி மாற்றும் வேலையைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.